ஐந்து படியில் ஒரு கொலு: அளவெடுப்பதிலிருந்து தாம்பூலம் வரை

முதன்முறை கொலு வைக்கிறவர்கள் பெரும்பாலும் நேரே பொம்மைக் கடைக்குத்தான் போகிறார்கள். அதற்கு முன் வீட்டில் ஒரு அளவு நாடாவை எடுத்துவிடுவது நல்லது. பொம்மை எத்தனை, படி எத்தனை, வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள் என்ற மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். இதில் உட்காருகிற இடத்தைக் கடைசியில் யோசித்தால், கொலு அழகாக இருக்கும். வந்தவர்கள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பார்கள்.

படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. ஒன்பதுதான் முழுமை என்று சொல்வார்கள். அபார்ட்மென்ட் வீட்டில் ஒன்பது படி வைத்தால் ஹாலில் கொலு மட்டும்தான் இருக்கும். ஆகவே இங்கே ஐந்து படியை எடுத்துக்கொள்கிறேன். ஹால் 10 அடி அகலம், 14 அடி நீளம். படி வைப்பது 10 அடிச் சுவரை ஒட்டி.

படியின் கணக்கு

ஒவ்வொரு படியும் 4 அடி அகலம், 10 அங்குல ஆழம், 8 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கும் சேர்த்து ஆழம் 50 அங்குலம், அதாவது நாலடிக்குக் கொஞ்சம் மேல். மேல் படி தரையிலிருந்து 40 அங்குலத்தில் நிற்கும். முன்னால் கோலத்துக்கும் விளக்குக்கும் இரண்டரை அடி விட்டாலும், நீளவாக்கில் ஏழடிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இரண்டு வரிசையாகப் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம்.

பிரித்து மாட்டுகிற ஸ்டீல் படி இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் பழைய முறைதான்: பின்னால் மேசை, அதற்கு முன்னால் பெஞ்ச், டிரங்குப் பெட்டி, மனைப் பலகை. எதுவானாலும் துணி போர்த்துவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். மேல் படியின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து, முதலில் பக்கவாட்டில், பிறகு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொஞ்சம் அசைந்தாலும் பொம்மை ஏற்றக் கூடாது. வழக்கப்படி சாமி பொம்மைகள் மேலே போகும், பெரும்பாலும் அவைதான் வீட்டிலேயே கனமானவை. கனம் மேலே ஏறும்போது, கீழே பிடிமானம் வேண்டும். ஸ்டீல் படியாக இருந்தால் அடிச்சட்டத்தின் மேல் அரிசி மூட்டையையோ மணல் பையையோ உள்பக்கமாக வைத்துவிடுங்கள். துணி மூடிவிடும், யாருக்கும் தெரியாது. மேல் சட்டத்தை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டினால் இன்னும் நல்லது, குழந்தைகள் வரும் வீடானால் கட்டாயம்.

துணிக்கு எட்டு முழ வேட்டியை விடச் சிறந்தது எதுவும் இல்லை. அதன் நீளம் சுமார் 12 அடி, அகலம் நாலடிக்கு ஒன்றிரண்டு அங்குலம் கூடுதல். நம் படியின் அகலம் நாலடி. ஏற்றமும் இறக்கமுமாகத் துணி ஓட வேண்டிய தூரம் 40 அங்குலமும் 50 அங்குலமும் சேர்ந்து 90 அங்குலம், அதாவது ஏழரை அடி. ஒரே வேட்டி மேலிருந்து கீழ் வரை ஓடி, மிச்சத்தைப் பின்னால் தொங்கவிட்டுச் செருகவும் இடம் கொடுக்கும். ஜரிகைக் கரை இரண்டு பக்கமும் இயல்பாக விழும். படிகளின் உள்மூலையில் துணி தூக்கிக்கொண்டு நிற்பதுதான் தொல்லை. அங்கே ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வைத்து அழுத்திவிட்டால் ஒன்பது நாளும் நகராது. பட்டுப்புடவை போட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. வழவழப்பான துணியில் பொம்மை நழுவும் என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன். புடவையைப் பின்சுவரில் திரையாகத் தொங்கவிடலாம், பார்வைக்கும் அதுவே மேல்.

எந்தப் படியில் யார்

அசுரனை அழிக்கப் புறப்பட்ட அம்மன் தேவர்கள் சூழ அரசிருக்கையில் வீற்றிருக்கிறாள். அந்தச் சபைதான் கொலு. தேவி மாகாத்மியத்தில் நாட்டை இழந்த சுரதன் என்ற அரசனும், வீட்டாரால் துரத்தப்பட்ட சமாதி என்ற வணிகனும் ஆற்றங்கரையில் மண்ணால் தேவியின் உருவம் செய்து வழிபடுகிறார்கள். மண் பொம்மைக்கு இந்தக் கதையைத்தான் பெரியவர்கள் மூலமாகச் சொல்வார்கள். புல்லிலிருந்து பராசக்தி வரை உயிர்கள் படிப்படியாக ஏறுகிற வரிசை என்பது இன்னொரு விளக்கம். இந்த இரண்டாவதுதான் படி அடுக்க நேரடியாக உதவுகிறது.

ஒன்பது படியில் கீழிருந்து ஆறு படிகள் ஓரறிவு முதல் ஆறறிவு வரை. தொல்காப்பியத்து மரபியல் சொல்லும் பகுப்பு இது: புல்லும் மரமும் ஓரறிவு, சிப்பியும் நத்தையும் ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, விலங்குகள் ஐந்தறிவு, மனிதர் ஆறறிவு. ஏழாவதில் முனிவர்களும் மகான்களும், எட்டாவதில் தேவர்களும் அவதாரங்களும், ஒன்பதாவதில் முப்பெருந்தேவியரும் மும்மூர்த்திகளும். வீட்டுக்கு வீடு சிறு மாறுதல் இருக்கும். மாமியார் வீட்டு வழக்கம் வேறு என்றால் அதன்படியே செய்யுங்கள், சண்டை வேண்டாம்.

எறும்பு பொம்மைக்கும் கறையான் பொம்மைக்கும் யார் எங்கே போவது? ஐந்து படிக்கு இதைச் சுருக்கினால் கணக்கு சரியாகவே வருகிறது. முதல் படியில் ஓரறிவு முதல் ஐந்தறிவு வரை மொத்தமும்: சங்கு, சோழி, மரப் பொம்மைகள், யானை, பசு, பறவைகள். இரண்டாம் படியில் மனிதர்கள்: கல்யாண செட், கச்சேரி செட், கிரிக்கெட் செட், மளிகைக் கடையோடு உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் செட்டிச்சியும். செட்டியார் முன்னால் சின்னச் சின்னக் கிண்ணங்களில் நிஜமான துவரம்பருப்பு, உளுந்து, மிளகு வைக்க வேண்டும். குழந்தைகள் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது அதைத்தான். மூன்றாவதில் வள்ளுவர், ஔவையார், ஆழ்வார்கள், நாயன்மார்கள், தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி. நான்காவதில் தசாவதாரம் அல்லது அறுபடை வீடு. ஐந்தாவதில் கலசம், மரப்பாச்சி, துர்க்கை, லட்சுமி, சரஸ்வதி.

தசாவதார செட் வாங்கும்போது ஒரு பொம்மையின் பீடத்தை அளந்து பாருங்கள். படி 48 அங்குலம், பொம்மை பத்து. பீடம் நாலு அங்குலமாக இருந்தால் 40 போக எட்டு அங்குலம் இடைவெளிக்கு மிஞ்சும், அழகாக நிற்கும். பீடம் ஐந்து அங்குலமானால் 50 வேண்டும், ஒரே வரிசையில் அடங்காது. அப்போது இரண்டு வரிசையாக, பின்வரிசைப் பொம்மை முன்வரிசையின் இடைவெளியில் தெரியும்படி நிறுத்த வேண்டும். பின்வரிசைக்கு ஒன்றரை அங்குலம் உயரக் கட்டையை வேட்டிக்கு அடியில் வைத்துவிட்டால் முகம் மறையாது. பார்க்கிறவரின் இடப்பக்கம் மச்சத்தில் தொடங்கி வலப்பக்கம் கல்கியில் முடிய வேண்டும். அடுக்குகிறவர் படிக்குப் பின்னாலோ பக்கத்திலோ நின்று அடுக்கும்போது இது தலைகீழாகிவிடுகிறது. அதனால் ஒரு படி முடிந்ததும் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உட்கார்ந்து பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் கண் ஏறக்குறைய 30 அங்குல உயரத்தில் இருக்கும். நம் படிகள் நிற்பது 8, 16, 24, 32, 40 அங்குலத்தில். முதல் மூன்றும் கண்ணுக்குக் கீழே. அங்கே பொம்மையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்தாலும் முழுதாகத் தெரியும். நான்காவதும் ஐந்தாவதும் கண்ணுக்கு மேலே. அங்கே பொம்மையைச் சுவரோரம் தள்ளினால் படியின் விளிம்பு பாதத்தையும் பீடத்தையும் மறைத்துவிடும். மேல் இரண்டு படிகளில் பொம்மையை விளிம்பிலிருந்து மூன்று விரல் இடம் விட்டு முன்னுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது பின்னால் வைப்பதற்கு அடியில் பலகை கொடுங்கள்.

அதேபோல, எட்டு அங்குல உயரமுள்ள படியில் பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட பொம்மையை வரிசையாக வைத்தால் பின்படியின் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. உயரமானது ஒன்றிரண்டு இருந்தால் ஓரத்தில் நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம். பின்னால் எந்தப் பொம்மையும் இல்லாத ஐந்தாம் படியில் உயரத்துக்கு எல்லை கிடையாது.

பொம்மையைத் துடைப்பதும் வாங்குவதும்

பரணிலிருந்து இறக்கிய பொம்மையை ஈரத்துணியால் துடைப்பது பலர் செய்கிற காரியம். பழைய மண் பொம்மைகளில் பூசியிருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் வண்ணம். கண்ணும் புருவமும் துணியோடு வந்துவிடும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பிறகு பீடத்தின் அடியில், வண்ணம் படிந்த ஒரு மூலையில் ஈரப்பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பொம்மைக்குத் தண்ணீரே ஆகாது. ஏறாவிட்டால் நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்தலாம். மூக்கோ கையோ உடைந்து மூளியான சாமி பொம்மையைப் படியில் வைப்பதில்லை; வண்ணம் மட்டும் உரிந்ததைத் தொட்டுச் சரிசெய்து வைக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்ப்பது வழக்கம். சென்னையில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நவராத்திரிக்கு முன் பொம்மைகளால் நிரம்பிவிடும். செய்கிற இடங்கள் என்றால் பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி, காஞ்சிபுரம், சென்னை கொசப்பேட்டை. நன்றாகச் சுட்ட மண் பொம்மையை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும். மங்கலாகச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். அடிப்பகுதியில் பூச்சு இல்லாத இடத்தைப் பாருங்கள்: செம்மண் நிறமானால் மண், சாக்பீஸ் போல வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டர், கையில் எடை தெரியாவிட்டால் காகிதக் கூழ். மேல் படிக்குப் பெரிய பொம்மை வேண்டுமென்றால் காகிதக் கூழையே எடுங்கள். கனம் குறையும், தவறி விழுந்தாலும் மண் பொம்மை போலச் சிதறாது. ஆனால் விளக்கிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

அமாவாசையும் பிரதமையும்

மகாளய அமாவாசை அன்று மாலை படி கட்டி, கலசமோ ஒரு பொம்மையோ ஏற்றி வைத்துவிட்டு, மீதியைப் பிறகு அடுக்குவது பல வீடுகளில் உள்ள முறை. பிரதமை காலையில் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ராகு காலமும் எமகண்டமும் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் ஏறுவது மரப்பாச்சி. செஞ்சந்தன மரத்தில் கடைந்த ஆண், பெண் ஜோடி, பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து அனுப்புவது. புதுப் பட்டுத் துண்டில் வேட்டியும் புடவையும் கட்டி, ஆண் பொம்மைக்கு ஒரு அங்கவஸ்திரமும் போட்டுவிட்டால் நன்றாக இருக்கும். கலசத்துக்குச் சொம்பில் முக்கால் அளவு தண்ணீர், ஏலக்காய், துளி பச்சைக் கற்பூரம், மேலே மாவிலை, மஞ்சள் பூசிய தேங்காய். தண்ணீர் தளும்பும் என்று பயப்படுகிற வீடுகளில் அரிசி நிரப்புவார்கள். கலசத்தை மேல் படியின் நடுவில் வைத்துவிட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் அடுக்கிக்கொண்டே போங்கள். எப்போதும் மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். கீழ்ப் படியை முடித்துவிட்டு மேலே எட்டினால் முழங்கை இடித்தே சேரும்.

பக்கத்தில் பார்க் வைக்கிறவர்கள் அகலத் தட்டில் ஒரு அங்குலம் மண் பரப்பி, அமாவாசைக்கு மூன்று நான்கு நாள் முன்பே கடுகோ வெந்தயமோ தூவி, தினம் தண்ணீர் தெளித்து வரவேண்டும். கொலு தொடங்கும்போது பச்சைப் புல் தயாராக இருக்கும். கேழ்வரகுக்கு இன்னும் இரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள்.

சீரியல் செட் பல்பு வயரைத் துணிக்கு அடியில் ஓட்டாதீர்கள், படியின் வெளிவிளிம்பில் ஓட்டுங்கள். குத்துவிளக்கு தரையில், படியிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி. படிமேல் எண்ணெய் விளக்கு வேண்டவே வேண்டாம்.

அழைப்பது

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் “எங்கள் வீட்டில் கொலு, அனைவரும் வருக” என்று ஒரு வரி போட்டால் நடப்பது இதுதான்: முதல் மூன்று நாள் யாரும் வர மாட்டார்கள். வெள்ளிக்கிழமையும் சரஸ்வதி பூஜையன்றும் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். எல்லோரையும் அழைத்தது யாரையும் அழைக்காதது போலவே ஆகிவிடுகிறது. நேரில் போய் அழைக்க வேண்டும், நாளும் சொல்லி அழைக்க வேண்டும்.

நான்கு மாடி, மாடிக்கு ஆறு வீடு, மொத்தம் 24 என்று வையுங்கள். நம் வீட்டை விட்டால் 23. இரண்டாம் நாள் தரைத்தளம், மூன்றாம் நாள் அடுத்த மாடி என்று நாளுக்கு ஆறு வீடாகப் பிரித்தால் நான்கு மாலையில் முடிந்துவிடும். முதல் நாளை விட்டுவிடுங்கள், அன்று உங்களுக்கே மூச்சு வாங்கும். வெள்ளிக்கிழமை அந்த நாலுக்குள் வந்தால் அதைத் தாண்டி அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள்; அது உறவினருக்கும் உடன் வேலை செய்கிறவர்களுக்கும். மீதி நாட்களில் நீங்கள் மற்ற வீட்டுக் கொலுவுக்குப் போக வேண்டும். வந்தவர் வீட்டுக்குத் திரும்பப் போகாமல் இருப்பது, அழைக்காமல் விட்டதை விடப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளப்படும். கட்டடத்தில் இன்னொரு கொலு இருந்தால் அவர்களிடம் பேசி நாட்களை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்து மணிவாக்கில், குங்குமச் சிமிழோடு, வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு போங்கள். “அக்கா, எங்க வீட்ல கொலு வச்சிருக்கோம். புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வந்துட்டுப் போங்க. பாட்டியையும் பசங்களையும் கூட்டிட்டு வாங்க.” இவ்வளவு போதும். பாட்டியைப் பெயர் சொல்லிக் கேட்பது முக்கியம். கணவரை இழந்த பெண்களை நவராத்திரிக்குத் தனியாக ஒதுக்கிவைத்த காலம் இருந்தது. அழைப்பில் அவர்களையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், பழைய வழக்கத்தை நினைத்து அவர்களாகவே வராமல் இருந்துவிடுவார்கள். என் வீட்டில் எல்லோரையும் ஒரே மாதிரித்தான் அழைப்பது. குங்குமத்தை நானாக யார் நெற்றியிலும் இடுவதில்லை. தட்டை நீட்டுகிறேன், வேண்டியவர் எடுத்துக்கொள்கிறார். வேறு மதத்து அண்டை வீட்டாருக்கும் இதே முறை சரியாக வருகிறது. அவர்களுக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்ற சங்கடம் இல்லை.

சுண்டலுக்குக் கணக்கு: காய்ந்த கொண்டைக்கடலை ஒரு கிலோ, ஊறி வெந்தபின் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். சின்னக் கிண்ணத்துக்கு 60 கிராம் என்றால் முப்பத்தைந்து பேருக்குக் காணும். ஆறு வீட்டுக்கு வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தாலும் முக்கால் கிலோ ஊறவைத்தால் போதும். கொண்டைக்கடலையும் காய்ந்த பட்டாணியும் முந்தின இரவே ஊற வேண்டும். பாசிப்பயறுக்கும் காராமணிக்கும் நாலைந்து மணி நேரம். வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. தேங்காய்த் துருவலைத் தாளித்து இறக்கியபின், நைவேத்தியத்துக்குக் கொஞ்ச நேரம் முன் சேருங்கள். மதியமே கலந்து மூடி வைத்தால் ஆறு மணிக்கு வாடை வந்துவிடும். வெள்ளிக்கிழமை வெல்லப் புட்டு.

வந்தவர்களை முதலில் உட்காரவைத்து, கொலுவைப் பார்க்க விடுங்கள். ஒரு பாட்டு பாடச் சொல்லலாம், ஒருமுறை கேட்டு மறுத்தால் விட்டுவிட வேண்டும். கிளம்பும்போது தாம்பூலம்: வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, ஒரு பழம் அல்லது தேங்காய், கூட ஒரு சின்னப் பொருள். ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது, ஒரே துணி நாலு வீடு சுற்றி அடுத்த வருடம் நம் வீட்டுக்கே வரும். அதற்குப் பதில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணமோ பருத்திப் பையோ கொடுத்தால் அது புழக்கத்தில் இருக்கும். தாம்பூலப் பைகளை முந்தின நாளே கட்டிவையுங்கள், வெற்றிலையையும் பூவையும் மட்டும் கடைசியில்.

விஜயதசமிக்குப் பிறகு

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களைக் கீழ்ப் படியின் முன்னால் மனையில் அடுக்கி, மறுநாள் விஜயதசமி காலை பூஜை முடித்து எடுத்துப் படிப்பது வழக்கம். அன்று இரவு ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையை மட்டும் படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்தது. மற்றவற்றை அடுத்த நாள் இறக்கலாம்.

இறக்கும் முன் ஒவ்வொரு படியையும் தனித்தனியாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குவதும் மேலிருந்துதான். பொம்மையைத் தலையையோ கையையோ பிடித்துத் தூக்காமல், பீடத்துக்கு அடியில் கை கொடுத்து எடுங்கள். செய்தித்தாளின் மை வெளிர் நிற முகங்களில் ஒட்டும். முதல் சுற்றுக்குப் பழைய பருத்தித் துணி, அதன் மேல் தாள். அந்துருண்டை தெர்மோகோலையும் சிலவகைப் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும், அதற்குப் பதில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போடலாம். கனமான பொம்மை பெட்டியின் அடியில், செட் கலையாமல் ஒரே பெட்டியில். பெட்டியின் மேல்மூடியில் மட்டும் எழுதினால் பரணில் அடுக்கியபின் தெரியாது. பக்கவாட்டில் “நாலாம் படி, தசாவதாரம், பத்து” என்று எண்ணிக்கையோடு எழுதிவிடுங்கள். மேல் படிப் பெட்டி பரணின் வெளிப்பக்கம் இருக்கட்டும், அடுத்த அமாவாசைக்கு முதலில் தேடப்போவது அதைத்தான்.